உஷார்! அந்த ஆறு சதவீதம் உங்கள் மெயிலிலிருந்துதான் வந்தது

வேலை சென்னையில், சொந்த ஊர் சேத்தூர். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. பேங்கில் போட்டுவைப்பதற்குப் பதில் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டை வாங்கிப் போட்டால் மாசாமாசம் வாடகையாவது வருமே என்று நினைப்பு. ராத்திரி சாப்பிட்டு முடித்து, மச்சான் கொடுத்த ராஜபாளையம் புரோக்கரின் முகவரிக்கு ஒரு மெயில் தட்டுகிறீர்கள்:

"அண்ணாச்சி, வணக்கம். சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வாடகைக்கு விடுகிற மாதிரி வீடு பார்க்கிறேன். பட்ஜெட் 40 லட்சம் வரை. பணம் ரெடி, லோன் கிடையாது. வருசத்துக்கு 6 சதவீதமாவது வாடகை வர வேண்டும். கோயில் தெரு, மில் ஆட்கள் குடியிருக்கிற பகுதி, பஸ் போகிற ரோட்டுப் பக்கம் என்றால் நல்லது. டீசன்ட்டான ஏரியாவாக இருக்கட்டும். எனக்கு அடிக்கடி வர முடியாது. இடம் பிடித்துவிட்டால் உடனே அட்வான்ஸ் போட்டுவிடலாம். ஆதார், பான் நகல் இணைத்திருக்கிறேன்."

அனுப்பாதீர்கள்!

கடிதத்தின் வார்த்தைகள் நான் போட்டவை. ஆனால் வெளியூரிலிருந்து எழுதுகிற முக்கால்வாசிப் பேர் எழுதுவது இதைத்தான். பார்க்கப் பொறுப்பான கடிதம் போலத்தான் இருக்கும். என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டோம், வீண் அலைச்சல் மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒரு தையல்காரரிடம் அளவு கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. கொடுத்த அளவுக்குச் சட்டை வரும். துணி எப்படிப்பட்டது என்பது வேறு விஷயம்.

நாலு நாளில் பதில் வருகிறது: "தம்பி, உங்களுக்குன்னே ஒண்ணு அமைஞ்சிருக்கு. சேத்தூர்ல நாலு போர்ஷன் காம்பவுண்டு வீடு. போர்ஷனுக்கு 5,000 வாடகை. விலை 40 சொல்றாங்க."

கணக்குப் போடுங்கள். மாதம் 20,000, வருசத்துக்கு 2,40,000. நாற்பது லட்சத்தில் சரியாக 6 சதவீதம். விலையும் உங்கள் பட்ஜெட்டின் கடைசி ரூபாய்வரை சரியாக வந்து நிற்கிறது. உங்களுக்குச் சந்தோஷம் பொங்குகிறது. பொங்க வேண்டியது பயம். நீங்கள் எழுதிய இரண்டு எண்களும் ஒரு பைசா பிசகாமல் திரும்பி வந்தால், அவை வீட்டிலிருந்து வந்தவையா, உங்கள் கடிதத்திலிருந்து வந்தவையா என்று முதலில் கேளுங்கள்.

விற்கிறவருக்கு உங்கள் மெயில் போய்விட்டது

புரோக்கரைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர் பொய்கூடச் சொல்வதில்லை. விற்கிறவர் சொன்னதை உங்களிடம் சொல்கிறார், நீங்கள் சொன்னதை விற்கிறவரிடம் சொல்கிறார். அவருக்குக் கமிஷன் கிரயம் முடிந்தால்தான். நம் பக்கத்தில் பல சமயம் இரண்டு தரப்பிலும் வாங்குவார். அந்தக் கமிஷனும் விலையைப் பொறுத்து ஏறும். ஆகவே உங்களுக்காகப் பேசி விலையைக் குறைக்க அவருக்குத் தனியாக ஒரு காரணமும் இல்லை.

இப்போது 'பட்ஜெட் 40 வரை, பணம் ரெடி, லோன் கிடையாது' என்ற வரியை விற்கிறவர் காதால் கேளுங்கள். 28 கிடைத்தால் போதும் என்றிருந்தவருக்கு 40 இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பேரம் பேசுகிற இடத்தில் நீங்கள் கடைசியில் சொல்ல வேண்டிய எண்ணை முதல் வரியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். லோன் கிடையாது என்பதில் இன்னொரு ஆபத்து. லோன் என்றால் பேங்க் வக்கீல் மூலப் பத்திரத்தைப் பார்ப்பார், மதிப்பீட்டாளர் வந்து வீட்டை அளப்பார். ரொக்கக்காரருக்கு அந்த இரண்டு கண்களும் இல்லை என்பது விற்கிறவருக்கு நன்றாகவே தெரியும்.

"வாடகையா? நாங்க ஒத்திக்குல்ல இருக்கோம்"

இனி அந்த ஆறு சதவீதத்துக்கு வருவோம். வாடகையை வைத்து விலை சொல்கிற வீட்டில், விலையை ஏற்ற ஒரே வழி வாடகையை ஏற்றிக் காட்டுவது. அதற்கு வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட மாற்ற வேண்டாம். உள்ளே இருக்கிற ஆட்களைப் பற்றிச் சொல்கிற கதையை மாற்றினால் போதும். நமது நாலு போர்ஷனுக்கும் கதவைத் தட்டிப் பார்ப்போம். நான் போடுகிற தொகைகள் கணக்குக்காக. முறைகள் இந்தப் பக்கத்து நடைமுறை.

முதல் போர்ஷனில் ஒரு குடும்பம், பல வருசமாக இருக்கிறது. கொடுக்கிற வாடகை 3,500. விற்கிறவர் சொன்ன 5,000 என்பது 'இப்ப விட்டா இவ்வளவு போகும்' என்ற அவருடைய ஆசை. புரோக்கர் வழியாக வரும்போது 'போகும்' என்பது 'போகுது' ஆகிவிட்டது.

இரண்டாவது போர்ஷனில் இருப்பவர் விற்கிறவரின் தங்கை மகன். மாதம் 5,000 கொடுப்பதாக எழுதிய வாடகை ஒப்பந்தம் வெள்ளைக் கடுதாசியில் தயாராக இருக்கிறது. கிரயம் முடிந்து இரண்டாவது மாதம் காலி செய்துவிடுவார்.

மூன்றாவது பூட்டிக் கிடக்கிறது. 'ஊருக்குப் போயிருக்காங்க' என்பார்கள்.

நான்காவதில்தான் குண்டு இருக்கிறது. கதவைத் திறந்த அம்மாவிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டால், "வாடகையா? நாங்க ஒத்திக்குல்ல இருக்கோம்" என்கிறார்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ஒத்தி புதிதில்லை. குடியிருக்க வருகிறவர் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார், இங்கே 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை கிடையாது. அந்தப் பணத்துக்கு வட்டியும் கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த தொகையை முழுசாகத் திருப்பித் தர வேண்டும். சட்டத்தின் கண்ணில் இது அனுபவ அடமானம். முறைப்படி பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். ஆனால் ஊரில் பாதி ஒத்திகள் முத்திரைத் தாளில் கையெழுத்தோடு நின்றுவிடுகின்றன. அவை வில்லங்கத்தில் ஏறாது. நீங்கள் முப்பது வருச வில்லங்கம் போட்டுப் பார்த்து, 'சுத்தம்' என்று நிம்மதியாக இருப்பீர்கள்.

பதியாத ஒத்தி செல்லாதே, எனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். இங்கே இரண்டு விஷயம். ஒன்று, 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, ஒரு சொத்தில் ஒருவர் அனுபவத்தில் இருந்தால், அவருக்கு அதில் என்ன உரிமை என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும். 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் எடுபடாது, கதவைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டியது உங்கள் வேலை. இரண்டு, பத்திரம் செல்லுமா என்பது கோர்ட்டில் பேச வேண்டிய பேச்சு. அந்த அம்மா இருப்பது வீட்டுக்குள். வழக்கு முடிகிறவரை வாடகையும் வராது, ஆளும் வெளியேறமாட்டார். கடைசியில் 3 லட்சத்தை எண்ணி வைத்து அனுப்புகிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அவர் கொடுத்த பணத்தை விற்றவர் செலவழித்து முடித்திருப்பார்.

வாடகைக்கு இருப்பவர்கள் கொடுத்த அட்வான்ஸும் இதே கதைதான். பழைய உரிமையாளர் வாங்கிய அட்வான்ஸைப் புதியவரிடம்தான் கேட்பார்கள். அந்தத் தொகையைக் கிரய விலையில் கழிக்காமல் விட்டால் அதுவும் உங்கள் கைக்காசு.

ஆறு எப்படி இரண்டேகால் ஆனது?

போனது போகட்டும், ஒத்தியைத் தீர்த்துவிட்டு நாலு போர்ஷனையும் உண்மை வாடகைக்கு, அதாவது 3,500-க்கு, விட்டுவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் போட்ட பணம் எவ்வளவு? விலை 40 லட்சம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை, சொத்து மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம், ஆக 3,60,000. புரோக்கர் கமிஷன் 2 சதவீதம் என்றால் 80,000. வக்கீல், பத்திரம் எழுதும் செலவு 20,000. ஒத்தி தீர்த்தது 3 லட்சம். மொத்தம் 47,60,000. மெயிலில் 40 என்று எழுதியபோது இந்த ஏழரை லட்சம் உங்கள் நினைப்பிலேயே இல்லை.

வருவது எவ்வளவு? மாதம் 14,000, வருசத்துக்கு 1,68,000. ஆள் மாறுகிற இடைவெளியில் வருசத்துக்கு ஒரு மாத வாடகை போகும் என்று வைத்தால் மிச்சம் 1,54,000. அதில் பேரூராட்சி வீட்டு வரி, தண்ணீர் மோட்டார் கரண்ட், வெள்ளையடிப்பு, ஓட்டு ஒழுக்கு, ஊரில் வாடகை வாங்கி அனுப்புகிறவருக்கு ஒரு தொகை என்று 42,000 கழியுங்கள். கையில் நிற்பது 1,12,000.

நாற்பத்தேழு லட்சத்து அறுபதாயிரம் போட்டு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். சுமார் 2.35 சதவீதம். ஆறு என்று நினைத்து வாங்கியது இது!

தப்பு எங்கே நடந்தது என்று பாருங்கள். '6 சதவீத வாடகை' என்று எழுதியபோது அது எதில் எது என்று நீங்கள் சொல்லவில்லை. கதவில் கேட்கிற வாடகையை விலையால் வகுத்தால் ஒரு சதவீதம். செலவெல்லாம் போகக் கையில் நிற்பதை, போட்ட மொத்தப் பணத்தால் வகுத்தால் வேறு சதவீதம். விற்கிறவர்கள் பேசுவது முதலாவதை. நீங்கள் சாப்பிடப்போவது இரண்டாவதை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அது உங்கள் ஆயுதம். கையில் 4 சதவீதம் நிற்க வேண்டும் என்று நினைத்தால், 1,12,000 வருகிற சொத்துக்கு மொத்தமாக 28 லட்சம்தான் போடலாம். பதிவு, கமிஷன், எழுத்துச் செலவைக் கழித்தால் விலை 25 லட்சம். ஒத்திக்காரருக்குத் தர வேண்டிய 3 லட்சமும் அந்த 25-க்குள்ளேயே அடக்கம். அதை விற்கிறவருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, ஒத்தியைத் தீர்க்க என்று கிரயப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். அதே வீடுதான். உண்மை வாடகை தெரிந்தவருக்கு 25, தெரியாதவருக்கு 40.

இங்கே இன்னொரு தூண்டில் உண்டு. நீங்கள் தயங்கினால் விற்கிறவர் சொல்வார்: "மூணு வருசத்துக்கு மாசம் 20,000 வாடகைக்கு நான் பொறுப்பு, எழுதியே தர்றேன்." உருகிவிடாதீர்கள். மூன்று வருசத்துக்கு அது 7,20,000. உங்களிடம் அதிகமாக வாங்குவது 15 லட்சம். ஒரு ரூபாய் வாடகைகூட வராமல் முழுசையும் கைக்காசாகக் கொடுத்தாலும் அவருக்கு 7,80,000 மிச்சம். உங்கள் பணத்தையே மாசாமாசம் பிரித்து உங்களுக்கு அனுப்பப்போகிறார், அவ்வளவுதான். தேக்கு மரம் வளரும், பணம் பல மடங்காகும் என்று 90-களில் தமிழ்நாட்டையே நம்பவைத்து, 1998-இல் கவிழ்ந்த அனுபவ் பிளான்டேஷன்ஸ் நினைவிருக்கிறவர்களுக்கு 'உத்தரவாத வருமானம்' என்ற வார்த்தையே வயிற்றைக் கலக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். வீட்டைப் பார்க்கப் புரோக்கரோடு ஒரு தடவை போனால், புரோக்கர் இல்லாமல் இன்னொரு தடவை போங்கள். முடியாவிட்டால் சித்தியையோ மாமாவையோ அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். நாலு கதவிலும் நாலு கேள்வி: எத்தனை வருசமாக இருக்கிறீர்கள், வாடகையா ஒத்தியா, மாதம் எவ்வளவு யார் கையில் கொடுக்கிறீர்கள், அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்? குடியிருக்கிறவருக்கு இதில் பொய் சொல்ல அவசியம் இல்லை. தன் ஒத்திப் பணத்தைப் பற்றிப் புதிய உரிமையாளருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அவர் துடிப்பார்.

அடுத்தது கரண்டு பில். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர் இருந்தால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்த கணக்கு கடைசி ஒரு வருசத்துக்கு வேண்டும் என்று கேளுங்கள். தொகையைப் பார்க்காதீர்கள், வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் தொகை ஏமாற்றும். யூனிட்டைப் பாருங்கள். ஃபேன், மிக்ஸி, டிவி ஓடுகிற வீட்டுக்கு ஒரு நிலையான யூனிட் இருக்கும். பூட்டிய வீட்டுக்குப் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். பத்து மாதம் பூஜ்யமாக இருந்து, கடைசிக் கணக்கில் மட்டும் எகிறியிருந்தால் தங்கை மகன் குடிவந்த தேதி உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு ஒப்பந்தம். தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017-இல் வந்த புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். எண் இருந்தால் நல்லது. சின்ன ஊர்களில் பலர் பதிவதில்லை என்பதால், எண் இல்லை என்பதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாது. அப்போது வாடகை பேங்க் வழியாகவோ போன் வழியாகவோ வந்ததற்கு ஒரு வருசக் கணக்கைக் கேளுங்கள். பேரூராட்சி வீட்டு வரி ரசீதையும் பாருங்கள். நாலு போர்ஷன் என்று சொல்லும் இடத்துக்கு ஒரே வீடாக வரி கட்டி வந்தால், நாளைக்கு வரியைத் திருத்திப் போடுவார்கள். உங்கள் செலவுக் கணக்கு மாறும்.

கோயில் தெருவும் மில் பக்கமும்

இனி அந்த 'ஏரியா' வரி. 'கோயில் தெரு' என்று நீங்கள் எழுதியது மனசில் ஒரு படத்தை வைத்து. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற கோயில் ஊர்களில் கோயிலைச் சுற்றிய மனை என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தரை யாருடையது என்பது. அடிமனை என்று ஒன்று உண்டு. மண் கோயிலுக்குச் சொந்தம், மேலே கட்டிய வீடு மட்டும் குடியிருப்பவருக்கு. அவர் கோயிலுக்குத் தரைவாடகை கட்டுவார். வீட்டை விற்கிறேன் என்று அவர் சொல்லும்போது விற்க அவரிடம் இருப்பது சுவரும் கூரையும்தான். கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இல்லாமல் விற்றால் அது சட்டப்படி செல்லாது, பதிவுச் சட்டமும் அதைத் தடுக்கிறது. பட்டாவை விற்கிறவர் தருகிற நகலில் பார்க்காமல், eservices.tn.gov.in தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். வில்லங்கத்தை tnreginet.gov.in தளத்தில் போடுங்கள். பட்டாவில் சாமி பெயர் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

'மில் ஆட்கள் பகுதி' என்பது கேட்க நல்ல யோசனை. ஆனால் இந்த வட்டாரத்தில் வேலை ஊருக்கு ஊர் வேறு. ராஜபாளையத்தில் நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் மருத்துவப் பேண்டேஜ் துணி, சேத்தூருக்குப் பக்கத்தில் தளவாய்புரத்தில் நைட்டி. எந்த வேலையை நம்பி அந்தத் தெருவின் வாடகை நிற்கிறது என்று தெரியாமல் வாங்கினால், ஆர்டர் குறைகிற வருசம் போர்ஷன் காலியாகும். தளவாய்புரம் பக்கம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். போர்ஷனுக்குள் நாலைந்து தையல் மிஷின் ஓடுகிறதா? வாடகை கூடத்தான் வரும். ஆனால் மீட்டர் வீட்டு இணைப்பாக இருந்து உள்ளே தொழில் நடந்தால், மின்வாரியம் அபராதம் போடும்போது இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் நோட்டீஸ் வரும். கிரயத்துக்குப் பிறகு அந்தப் பேர் உங்களுடையது.

பஸ் போகிற ரோடு என்றால் சேத்தூரில் அது திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. ரோட்டை ஒட்டிய வாசலுக்கு மவுசு அதிகம்தான். ஆனால் முன்பக்கப் போர்ஷன் பட்டா நிலத்தில் நிற்கிறதா, ரோட்டுப் புறம்போக்கில் நீட்டிக் கட்டியிருக்கிறதா என்று சர்வேயரை வைத்து அளக்காமல் அந்தப் போர்ஷனின் வாடகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

'டீசன்ட்டான ஏரியா' என்ற வார்த்தையைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். நீங்கள் சாக்கடையும் தெருவிளக்கும் என்று நினைத்து எழுதியதைப் புரோக்கர் சாதிக் கணக்காகப் படித்துக்கொள்வார், உங்கள் பெயரைச் சொல்லியே நாலு இடத்தில் பேசுவார். உங்கள் மனசிலும் அதுதான் இருந்தது என்றால், அசிங்கம் ஒரு பக்கம், நஷ்டம் இன்னொரு பக்கம். குடிவர நினைக்கிறவர்களில் பாதிப் பேரை வாசலிலேயே தடுத்துவிட்டு வாடகை மட்டும் கூட வர வேண்டும் என்றால் எப்படி வரும்?

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இன்னொரு மடங்கு உஷாராக இருக்க வேண்டும். வீடு சரிப்படாவிட்டால் அடுத்த மெயிலில் 'மலையடிவாரத்துல மாந்தோப்பு இருக்கு, வருசக் குத்தகை வரும்' என்று வரும். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடோ கடையோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. நஞ்சை, புஞ்சை என்று பட்டாவில் இருந்தால் குத்தகை எவ்வளவு என்று கேட்கிற வேலையே வேண்டாம்.

ஆதார், பான், அட்வான்ஸ்

புரோக்கருக்கு அனுப்பிய மெயில் புரோக்கரிடம் நிற்காது. அவர் கையில் இடம் இல்லையென்றால் இன்னொரு புரோக்கருக்குத் தள்ளிவிடுவார், அவர் இன்னொருவருக்கு. 'பணம் ரெடி, உடனே அட்வான்ஸ்' என்ற வரியோடு உங்கள் ஆதாரும் பானும் ஊர் சுற்றும். வீடு தேடுவதற்கு இந்த நகல்கள் யாருக்கும் தேவையில்லை. பத்திரம் எழுதும்போது கொடுத்தால் போதும்.

கடைசிக் கட்டத்தில் நடக்கிற மோசடி ஒன்று உண்டு. பேச்சு முடிந்து அட்வான்ஸ் போடுகிற நேரத்தில், 'பழைய கணக்கில் பிரச்சினை, இந்த எண்ணுக்குப் போடுங்கள்' என்று ஒரு மெயில் வரும். அனுப்பியவர் முகவரி புரோக்கருடையது போலவே இருக்கும், ஓர் எழுத்து மட்டும் கூடவோ குறையவோ இருக்கும். மெயிலில் வந்த கணக்கு எண்ணுக்கு ஒருபோதும் பணம் போடாதீர்கள். விற்கிறவரிடம் ஏற்கெனவே பேசிய போன் எண்ணில் கூப்பிட்டு, அவர் வாயால் எண்ணைச் சொல்லக் கேளுங்கள். பட்டாவில் உள்ள பெயரும் பேங்க் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், புரோக்கர் கணக்குக்குப் போகவே கூடாது. ரொக்கமாகக் கேட்டால், சொத்து அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பதை நினைவூட்டுங்கள். பணம் தப்பான கணக்குக்குப் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். நேரம் போகப் போகப் பணம் கணக்குக் கணக்காக மாறிப் போய்விடும்.

அப்படியானால் என்னதான் எழுதுவது?

ஒன்றுமே சொல்லாமல் புரோக்கரிடம் வீடு கேட்க முடியாதுதான். உங்கள் எண்களை உங்களிடமே வைத்துக்கொண்டு, வீட்டின் எண்களை அவரிடமிருந்து வாங்குகிற மாதிரி எழுதுங்கள்:

"அண்ணாச்சி, வணக்கம். சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற வீடு இருந்தால் சொல்லுங்கள். விலை அந்த வீட்டின் வாடகையைப் பார்த்துத்தான் பேசுவேன். ஒவ்வொரு இடத்துக்கும் இவை வேண்டும்: சர்வே எண், போர்ஷன் எத்தனை, ஒவ்வொன்றிலும் இருப்பவர் வாடகையா ஒத்தியா, தொகை, அட்வான்ஸ், ஒரு வருசக் கரண்டு யூனிட், வீட்டு வரி ரசீது. பஸ் ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரம், குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதும் எழுதுங்கள். குடியிருப்பவர்களிடம் எங்கள் வீட்டார் நேரில் வந்து பேசுவார்கள். வக்கீல் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ்."

இதில் பட்ஜெட் இல்லை, சதவீதம் இல்லை, அவசரம் இல்லை. இதைப் படித்துவிட்டுச் சில புரோக்கர்கள் பதிலே போடமாட்டார்கள். நல்லது, கழிய வேண்டியவை தானாகக் கழிந்தன. பதில் போடுகிறவர் சர்வே எண்ணோடும் வாடகைக் கணக்கோடும் வருவார். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சதவீதத்தை நீங்கள் உங்கள் நோட்டில் போட்டுக்கொள்ளுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம்.

வில்லங்கம், பட்டா, வரி ரசீது எல்லாம் சரியாக இருந்து, ஞாயிற்றுக்கிழமை நாலு கதவைத் தட்டுவதை மட்டும் விட்டுவிட்டீர்கள் என்றால் நீங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்த நாலாவது போர்ஷன் அம்மா யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.